ஞாயிற்றுக்கிழமை போனை யார் பார்ப்பது

ரத்னாபாய் என்ற பெயரை ஜெயலக்ஷ்மி முதன்முதலில் கேட்டது சாவிக்கொத்து கை மாறிய அன்று. கரமனை ஆற்றங்கரையில் ஒரு டிரஸ்டு நடத்தி வந்த முதியோர் இல்லம் அது. அதற்கு முன்னால் மேனேஜராக இருந்த பட்டாபி, கண்புரை முற்றிப்போய் வேலையை விட்டவர், ஜெயலக்ஷ்மிக்கு அத்தை வழியில் தூரத்து உறவு. பட்டாபியின் அம்மாவும் ஜெயலக்ஷ்மியின் பாட்டியும் வலியசாலையில் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்கள். அந்த உரிமையில்தான் வேலை இவளுக்கு வந்தது. அலமாரி, பாத்திர அறை, மருந்துப் பெட்டி என்று ஒவ்வொரு சாவியாக எடுத்துக் காட்டிவிட்டு, கடைசியில் அவர் சொன்னார்:

"ஏதாவது தெரியலேன்னா ரத்னாபாயைக் கேளுங்கோ. அவளுக்குத் தெரியாதது இங்க ஒண்ணும் கெடையாது. ஆனா அவளா சொல்லாததை நீங்களாக் கேக்காதீங்கோ."

பெரியவர்கள் சொல்லும் ஆயிரம் பேச்சில் ஒன்று என்று ஜெயலக்ஷ்மி அதை அன்றே மறந்துவிட்டாள். ரத்னாபாயை மறக்க முடியவில்லை. பாறசாலைக்காரி. நர்சு உதவிப் படிப்பு படித்தவள். அம்மா காலமானபோது இவளுக்குப் பதினாறு பதினேழு இருக்கும், தம்பி இடுப்புப் பிள்ளை. குற்றாலத்தில் நேர்ந்து பெற்றதால் குற்றாலலிங்கம் என்று பெயர். அப்பா தேங்காய் வெட்டுக்குப் போய் மரத்திலிருந்து விழுந்தவர், அது அதற்கும் முன்னால். தம்பியைப் படிக்க வைக்க வேண்டும் என்று வேலைக்கு வந்தவள் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. தம்பி என்ஜினீயர் ஆனான், மலேசியாவில் ஈப்போ என்ற ஊரில் ரப்பர் கையுறை செய்யும் கம்பெனிக்குப் போனான். அக்காள் மட்டும் இங்கேயே, வயசானவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டும் ஊசி போட்டுக்கொண்டும் இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் அவள் வார்டில் நடக்கிற சத்தம் கேட்டால் கிழவர்கள் முனகுவதை நிறுத்திவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அந்த வருஷம் ஓணமும் ஆவணி முகூர்த்தமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. ஓணத்துக்கு லீவு கேட்டு மலையாளப் பெண்கள் நாலைந்து பேர் ஆடியிலேயே எழுதிக் கொடுத்து, ஜெயலக்ஷ்மியும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அதற்கு அடுத்த வாரம் ரத்னாபாய் ஆபீஸ் அறைக்குள் வந்து நின்றாள். கையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, அதன் கீழே மடித்த ஒரு தாள்.

தம்பிக்கு ஈப்போவில் கல்யாணம். பெண் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், மூன்று தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கம் இருந்து போன குடும்பம். கல்யாணம் பெண் ஊர்க் கோயிலில். இருபது நாள் லீவு வேண்டும் என்று ரத்னாபாய் கேட்டாள்.

ஜெயலக்ஷ்மி நாட்காட்டியைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் முடியாது என்று தோன்றியது. ஓணத்துக்கு அத்தனை பேர் போகிற சமயத்தில் மூத்தவளும் போனால் வார்டை யார் பார்ப்பது? தம்பி கல்யாணம்தானே, தம்பியும் மனைவியுமாக ஊருக்கு வரும்போது இங்கே ஒரு விருந்து வைத்தால் போதாதா என்று மெதுவாகக் கேட்டாள்.

"போதாது மேடம்," என்றாள் ரத்னாபாய். "தாலியில முத முடிச்சுத்தான் அவன் போடுவான். மீதிய மாப்பிளைக்க அக்காளாக்கும் போடணும். எங்களுக்கு அப்படி. அவனுக்கு வேற யாரு இருக்கா? அம்மை இல்ல. கூடப்பிறந்தது நான் ஒருத்தி. நான் போவல்லன்னா யாரோ ஒரு பொண்ணப் பிடிச்சு நிறுத்தி முடிச்சுப் போடுவாவ. அத நினைச்சா எனக்கு ஒறக்கம் வரல்ல."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி ஜெயலக்ஷ்மி கேட்டதில்லை.

மடித்த தாளையும் ரத்னாபாய் மேஜைமேல் விரித்து வைத்தாள். லீவு விண்ணப்பம். எந்தத் தேதி போவது, எந்தத் தேதி வந்து வேலையில் சேர்வது, சேர்ந்து கிடக்கும் லீவில் எவ்வளவு கழியும், அங்கே தங்கும் விலாசம், தம்பியின் கம்பெனி போன் நம்பர் எல்லாம் இருந்தது. கீழே, தான் இல்லாத நாட்களில் யார் எதைப் பார்ப்பது என்ற விவரம். காலை இன்சுலின் ஊசியும் மருந்து அலமாரிச் சாவியும் சுசீலாபாய்க்கு. சுசீலாபாய் சி.எஸ்.ஐ. சபைக்காரி, ஓணத்துக்கு வீட்டுக்குப் போக அவசரமில்லை. பதிலுக்கு கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க ரத்னாபாய் அவளுக்காக நிற்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. குளிப்பாட்டுவதும் படுக்கைப்புண் கட்டுவதும் லிபி என்ற சின்னவளுக்கு. போவதற்கு முன்னால் மூன்று நாள் இருவரும் சேர்ந்தே செய்து பழகிக்கொள்வார்கள். ஒரு மாத மருந்தை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடலாம். டாக்டர் வரும் கிழமையில் அவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எந்தப் பெரியவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, உப்பில்லாவிட்டால் யார் கஞ்சியைத் துப்புவார் என்றுகூட எழுதியிருந்தது.

குறை சொல்ல ஒன்றுமில்லை. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்த ஜெயலக்ஷ்மிக்கு அந்தத் தாள் வாயை அடைத்துவிட்டது. விசா வாங்குவதற்கும் அவசரம் இருந்தது. வேலை செய்யும் இடத்தில் லீவு கொடுத்த கடிதத்தைக் காட்டினால்தான் டிராவல்ஸ்காரன் பாஸ்போர்ட்டை மெட்ராசுக்கு அனுப்புவான். சரி என்று பேனாவை எடுத்தாள்.

"மேடம், கையெழுத்துப் போடுததுக்கு முன்ன ஒண்ணு சொல்லணும். அதுல ஒண்ணு மட்டும் எழுதல்ல. எழுத முடியாத காரியம்."

"என்னது?"

"ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்து போன்."

பிறகு ரத்னாபாய் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஜெயலக்ஷ்மி எதிரில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மாடியில் கிழக்கு அறையில் சிவகாமியம்மாள் என்று ஒரு நாஞ்சில் நாட்டு அம்மாள் இருந்தாள். சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்தவரின் விதவை. எண்பதைத் தாண்டியவள். இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. பிள்ளை பூதலிங்கம் கடையைப் பார்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை வந்து போவார். மகள் உமையம்மை பம்பாயில். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சந்திவிளக்கு வைக்கிற நேரத்துக்கு பம்பாயிலிருந்து போன் வரும், அம்மாள் பேசுவாள். இது இல்லத்தில் எல்லோருக்கும் தெரியும், ஜெயலக்ஷ்மிக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை என்பதால் நேரில் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"அந்த மகள் செத்துப் போயாச்சு மேடம்," என்றாள் ரத்னாபாய். "நீங்க இங்க வாறதுக்கு முந்தின வருசம். போன் பண்ணுதது நானாக்கும்."

நடந்தது இதுதான். உமையம்மை மஞ்சள் காமாலையில் பம்பாயிலேயே போய்விட்டாள். தகவலை அம்மாவிடம் சொன்னால் அம்மாவும் போய்விடுவாள் என்று பூதலிங்கம் பயந்து சொல்லவில்லை. என்னவோ சொல்லிச் சமாளித்திருந்தார். இரண்டு மூன்று ஞாயிறு போன் மணி அடிக்கவில்லை. அம்மாள் போனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்திருப்பாள், இருட்டிய பிறகும் எழுந்திருக்க மாட்டாள், கஞ்சியைத் தொட மாட்டாள். அந்த நாளில் போன் ரிப்பேராகி ஆள் வந்து சரி செய்துவிட்டுப் போனான். ஆபீசில் ஒரு பெட்டி. அதன் குமிழை ஒரு பக்கம் திருப்பினால் வெளி லைன் மாடிக்குப் போகும், நடுவில் வைத்தால் ஆபீசும் மாடியும் மட்டும் பேசிக்கொள்ளலாம். பட்டாபி ரத்னாபாயிடம், மாடி மணி அடிக்கிறதா என்று பொத்தானை அமுக்கிப் பார்க்கச் சொன்னார். அமுக்கினாள். அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்பது இரண்டு பேருக்கும் நினைவில்லை. மேலே அம்மாள் எடுத்துவிட்டாள்.

"'உமையா? வந்துட்டியா மக்களே'ன்னு கேட்டாவ மேடம். அந்தக் குரலு... நான் என்ன செய்ய? 'ஆமா அம்மா'ன்னு சொல்லிப் போட்டேன். ஒத்த வார்த்தை. பின்ன அதத் திருப்பி எடுக்க முடியல்ல."

அன்றைக்கு ராத்திரி அம்மாள் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தாளாம். பட்டாபி பார்த்துக்கொண்டே இருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு கேள்விப்பட்ட பூதலிங்கமும் தடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று அது நடந்துகொண்டே வந்தது. பகலில் கஞ்சி கொடுக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் ரத்னாபாய் அந்த அறையிலோ அதற்குக் கேட்கிற தூரத்திலோ ஒரு வார்த்தை பேச மாட்டாள், குரல் காட்டிக் கொடுத்துவிடும் என்று. மற்ற கிழவர்கள் அவளை ஊமை என்று கேலி பேசுவது எதனால் என்று ஜெயலக்ஷ்மிக்கு அப்போதுதான் புரிந்தது.

ஜெயலக்ஷ்மி ஆசாரமான வீட்டில் பிறந்தவள், பொய் என்றால் பயம். அதிலும் இது செத்தவள் பெயரில். முதலில் கோபம்தான் வந்தது. "இது பாபம்டி. செத்துப்போனவா குரலை எடுத்துண்டு பேசறதா? என்ன தைரியம் உனக்கு?"

"தைரியமா? பயமாக்கும் மேடம். சில நாளு நான் சொல்ல நினைச்சது ஒண்ணு, வாயில வாறது வேற ஒண்ணா இருக்கும். பம்பாயில அவியளுக்க வீட்டுப் பலகணியில முருங்கை நிக்குதுன்னு ஒரு நாள் சொன்னேன். அந்த வீட்ட நான் பாத்ததே இல்ல. பின்ன பூதலிங்கம் அண்ணாச்சிக்கிட்ட கேட்டேன். ஆமா, சின்னச் சட்டியில முருங்கை உண்டுன்னு சொல்லுதாரு."

அதைச் சொல்லும்போது ரத்னாபாய் முகத்தில் பெருமையும் இல்லை, நடிப்பும் இல்லை. ஆபீஸ் அறையில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஜெயலக்ஷ்மி பேனாவை மூடி வைத்தாள்.

கையெழுத்துப் போடாமலே அவளை அனுப்பிவிட்டு, அன்று மாலை பட்டாபியின் வீட்டுக்குப் போனாள். கேட்டதற்கு அவர் ஒன்றும் ஒளிக்கவில்லை. "சாவியெல்லாம் ஒப்படைச்சேன். இதை எப்படி ஒப்படைக்கறதுன்னு தெரியலை," என்றார். கட்டுப்போட்ட கண்ணோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரிடம் மேற்கொண்டு என்ன சண்டை போடுவது? எழுந்து வந்துவிட்டாள்.

இருபது நாள் என்றால் மூன்று ஞாயிறு. மணி அடிக்காமல் போனால் அம்மாள் பழையபடி சாப்பாட்டை விட்டுவிடுவாள். வேறு யாராவது பேசலாம் என்றால், சுசீலாபாய் கர்த்தரை நினைத்து முடியவே முடியாது என்றுவிட்டாள். ஜெயலக்ஷ்மி வாயைத் திறந்தால் அக்கிரகாரப் பேச்சு. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், அதைப் போய் யார் சொல்வது? லீவு இல்லை என்று சொல்வதுதான் சுலபம். ரத்னாபாயும் அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தாள் என்று ஜெயலக்ஷ்மிக்குத் தெரிந்தது. அந்த இரண்டு மூன்று நாளில் அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. டிராவல்ஸ்காரன் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டான், கடிதம் எங்கே என்று.

கடைசியில் வழி சொன்னது ரத்னாபாய்தான். மகளே சொல்லிவிட்டால் என்ன? வெளிநாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறேன், மூன்று வாரம் போன் பண்ண முடியாது, வந்ததும் கூப்பிடுகிறேன் என்று மகள் குரலிலேயே அம்மாவிடம் உத்தரவு வாங்கிவிடுவது. தன் காரியம்தான், உண்மையும்கூட. பொய்யில் அது ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும். ஜெயலக்ஷ்மி யோசித்துப் பார்த்தாள். வேறு வழி தெரியவில்லை. "அவா சரின்னு சொன்னா நானும் கையெழுத்துப் போடறேன்," என்றாள். லீவு கொடுக்கிற மேனேஜர் யார் என்று அந்த நிமிஷத்தில் அவளுக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிறு விடுமுறையை விட்டுவிட்டு வந்தாள். ஆபீஸ் ஜன்னலைச் சாத்தி விளக்கைப் போட்டார்கள். குமிழ் நடுவில். ரத்னாபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். தலைக்கு மேலே, மாடியில், மணி அடிப்பது கேட்டது. ரிசீவரை இருவர் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார்கள்.

ஜெயலக்ஷ்மி அதுவரை பக்கத்தில் இருப்பது ரத்னாபாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா" என்று அவள் ஆரம்பித்ததும் அது வேறு குரல். வயசு கூடிய, லேசாக மூச்சு வாங்குகிற, பல காலம் வேற்றூரில் இருந்த ஒருத்தியின் குரல். ஜெயலக்ஷ்மி திரும்பி அவள் முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

சுகம் விசாரித்தாயிற்று. முட்டுவலிக்குத் தைலம் போட்டாயா என்று கேட்டாயிற்று. பிறகு ரத்னாபாய் விஷயத்துக்கு வந்தாள். மலேசியாவில் ஒரு கல்யாணம், சொந்தத்தில், போகாமல் இருக்க முடியாது, அதனால் மூன்று ஞாயிறு கூப்பிட முடியாது.

மின்விசிறி சுற்றுவது மட்டும் போனுக்குள் கேட்டது. அப்புறம் அம்மாள் பேசினாள். கோபமில்லாமல், அழுகையில்லாமல், வீட்டுக் காரியம் கேட்கிற மாதிரி.

"அன்னைக்குப் போன கல்யாணத்துல இருந்தே நீ இன்னும் வரல்லியே மக்களே."

ரத்னாபாய் ரிசீவரின் வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஜெயலக்ஷ்மியைப் பார்த்தாள்.

"சரி," என்றாள் அம்மாள். "போயிட்டு வா. இந்தத் தடவையாவது வா."

மேலே ரிசீவரை வைக்கிற சத்தம் கேட்டது.

பூதலிங்கத்தைக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. உமையம்மை செத்த சமயம் போன் வராததற்கு அவர் அம்மாவிடம் சொன்ன காரணம் அதுவேதான். 'உமையம்மை சிங்கப்பூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கா, வர நாளாகும்.' அதை அவர் ரத்னாபாயிடம் சொன்னதேயில்லை. சொல்லத் தோன்றவில்லை. போனிலேயே அவர் விசும்பினார், கடையில் ஆட்கள் இருக்கும்போதே.

அப்படியானால் அம்மாளுக்கு எல்லாம் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியுமா, நடுவில் தெரிந்ததா, தெரிந்தும் ஏன் பேசினாள் என்று இவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போய்க் கேட்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ரத்னாபாய் விண்ணப்பத்தைத் திருப்பிக் கேட்டாள்.

"நான் போவல்ல மேடம். யாராவது முடிச்சுப் போடட்டும். நான் போயிட்டு எனக்கு வழியில ஏதாவது ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, அந்த அம்மை ரெண்டாவது தடவையும்..."

"வாயைக் கழுவு," என்றாள் ஜெயலக்ஷ்மி. "அவா போகச் சொல்லியாச்சு. நானும் சொல்லியாச்சு. திரும்பி வந்து நில்லு, அதுதான் அவா கேட்டது."

அங்கேயே கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினாள். டிராவல்ஸ்காரனுக்கு வேண்டிய கடிதத்தையும் அடித்துக் கொடுத்தாள். ஒப்படைக்கிற விவரத்தின் அடியில் ரத்னாபாய் எழுதாமல் விட்ட அந்த ஒரு வேலையையும் எழுதி, ஞாயிறு மாலை என்று போட்டு, அதற்கு நேரே தன் பெயரைப் போட்டுக்கொண்டாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. யாராவது ஒருத்தர் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று நாள் கூடவே நடந்து லிபிக்கும் சுசீலாபாய்க்கும் எல்லாம் காட்டிக் கொடுத்துவிட்டு, ரத்னாபாய் கொழும்பு வழியாகப் போனாள். அவள் இல்லாமலும் வார்டு நடந்தது. ஊசி நேரத்துக்குப் போடப்பட்டது. ஓணத்தன்று ஓலனும் அடைப் பாயசமும்கூட வைத்தார்கள்.

முதல் ஞாயிறு ஜெயலக்ஷ்மி வந்து ஆபீசில் உட்கார்ந்தாள். குமிழைத் தானே நடுவில் திருப்பி வைத்தாள், வெளியிலிருந்து ஒரு தப்பு நம்பர்கூட மேலே போய்விடக்கூடாது என்று. அப்படி வைத்தால் மாடி போனில் காற்றுச் சத்தம்கூட இருக்காது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரம் வந்தது. பொத்தானை அவள் தொடவில்லை. மணி அடிக்கவில்லை.

ஆனால் மேலே பேச்சுக் குரல் கேட்டது.

ஏறிப் போய்ப் பார்த்தாள். கிழக்கு அறையில் விளக்குப் போடவில்லை. கண் தெரியாதவளுக்கு விளக்கு எதற்கு என்று லிபி போடாமல் போயிருந்தாள். சிவகாமியம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ரிசீவரைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். இடையிடையே நிறுத்துவாள். கேட்பாள். ம் என்பாள். சிரிப்பாள். பின் தொடருவாள். சின்ன வயசில் ஆற்றில் தொலைந்த கொலுசு ஒன்றைப் பற்றி, எதிர் வீட்டு ஆச்சி செத்ததைப் பற்றி. ஒரு இடத்தில் குரலைத் தாழ்த்தி, "இப்பம் அந்தப் புள்ள இல்ல. நாம ரெண்டு பேரு மட்டும்தான். நீ தாராளமாப் பேசு," என்றாள்.

ஜெயலக்ஷ்மி ஓர் அடி பின்வாங்கினாள். தரையில் பலகை முனகியிருக்க வேண்டும், அம்மாள் பேச்சை நிறுத்தித் தலையைத் திருப்பினாள்.

"யாரது? மேனேஜரம்மாவா? வாங்க. உமையாக்கும். ரெண்டு வார்த்தை பேசுதியளா?"

ரிசீவர் இருட்டில் அவள் பக்கம் நீண்டது. ஜெயலக்ஷ்மி வாங்கிக் காதில் வைத்தாள். அம்மாளின் காதுச் சூடு அதில் இருந்தது. வேறு ஒன்றுமில்லை. மழைகூட அதற்குள் இல்லை. இப்போது சொல்லிவிடலாம், இதில் யாரும் இல்லை என்று. அவளுக்குப் பொய் பிடிக்காது. இருட்டில் அந்த முகம் காத்துக்கொண்டிருந்தது.

"சௌக்கியமா இருக்கேளா?" என்று கேட்டாள் ஜெயலக்ஷ்மி, அந்த ஒன்றுமில்லாததிடம். கொஞ்சம் பொறுத்தாள். "சரி. நான் பாத்துக்கறேன்," என்று சொல்லி ரிசீவரைத் திருப்பிக் கொடுத்தாள்.

யார் எதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், எதற்கு அப்படிப் பதில் சொன்னோம் என்று படி இறங்கும்போது அவளுக்கே விளங்கவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் வந்தாள். மாடி ஏறவில்லை. கீழே இருந்து அந்தப் பேச்சை, வார்த்தை புரியாத தூரத்தில், முடிகிற வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாள் மூன்று வாரமும் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை.

ஈப்போவில் கல்யாணம் நன்றாக நடந்தது. குற்றாலலிங்கம் முதல் முடிச்சுப் போட, பின்னால் நின்று மீதியை அக்காள் போட்டாள். பெண்ணின் அம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாளாம். மறுவீடு முடிந்ததும் சம்பந்தி வீட்டார் விடவில்லை. இன்னும் ஒரு மாதம் இரு, அங்கே போய் யாருக்கு என்ன செய்யப்போகிறாய் என்று தம்பியே சண்டைக்கு வந்தான். விசாவிலும் நாள் மிச்சம் இருந்தது. "எனக்கு லீவு அவ்வளவுதான்" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு, குறித்த தேதிக்குத் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டாள். சுசீலாபாயிடமிருந்து சாவியை வாங்கி, ஒவ்வொரு படுக்கையாக நின்று விவரம் கேட்டுக்கொண்டு, வார்டை ஏற்றுக்கொண்டாள்.

ஞாயிறு போனில் என்ன நடந்தது என்று ஜெயலக்ஷ்மியிடம் கேட்டாள். ஒன்றும் நடக்கவில்லை, மணி அடிக்கவில்லை என்று ஜெயலக்ஷ்மி சொன்னாள். அது உண்மைதான்.

வந்த ஞாயிறு ரத்னாபாய் பொத்தானை அமுக்கினாள். ஜெயலக்ஷ்மி இந்தத் தடவையும் பக்கத்தில்.

"அம்மா. வந்துட்டேன்."

மேலே நீளமாக ஒரு மூச்சு.

"இது நல்ல கல்யாணமாக்கும்," என்றாள் சிவகாமியம்மாள். "ஆளத் திருப்பி அனுப்பிட்டாவளே. சொல்லு, முடிச்சு யாரு போட்டா?"

ரத்னாபாய் சொல்ல ஆரம்பித்தாள். மாப்பிள்ளை யார், பெண் எப்படி, கோயில் எப்படி என்று எல்லாம். கொஞ்ச நேரத்தில் அவள் உமையம்மையின் குரலை விட்டுவிட்டுத் தன் குரலிலேயே பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ, ஜெயலக்ஷ்மிக்குத் தெரிந்தது. மேலே இருந்தவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் மக்களே என்று கூப்பிடுவதை அவள் நிறுத்தவில்லை. மறுநாள் கஞ்சி கொடுக்கும்போது, உப்பு போதுமா அம்மா என்று ரத்னாபாய் வாய்விட்டுக் கேட்டாள். போதும் என்றாள் அம்மாள்.

சிவகாமியம்மாள் அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் போல இருந்து, ஒரு மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை, தூக்கத்தில் போனாள். ஞாயிற்றுக்கிழமை போன் அதோடு நின்றது. ஜெயலக்ஷ்மி வேலையில் இருந்த மீதி நாளெல்லாம் விளக்கு வைத்த பிறகு மாடிக்கு ஏற மாட்டாள், அந்த அறைக்கு வேறு ஆள் வந்த பிறகும். இருட்டில் தான் வாங்கிக் காதில் வைத்ததை அவள் ரத்னாபாயிடம் சொல்லவே இல்லை. ஓய்வு பெற்றுக் கல்லிடைக்குறிச்சியில் மகளோடு போய் இருந்த காலத்தில், ஊருக்கு வந்த உறவுக்காரி ஒருத்தியிடம்தான் முதன்முதலாகச் சொன்னாள்.

ரத்னாபாய் இப்போது பாறசாலையில் தம்பி கட்டிக் கொடுத்த வீட்டில் தனியாக இருக்கிறாள்.